காப்பி ஏன் கொட்டவில்லை?

சென்ற தவணையில் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மன்றம் நடத்திய உணவு விழாவுக்குச் சுவரொட்டி தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாணவர் ஓய்வறையில் இருக்கும் பளபளப்பான கறுப்பு மேசையை முதலில் படம் எடுத்தேன். பிறகு வீட்டில் காப்பி நிரம்பிய பித்தளை டபரா டம்ளரைப் படமெடுத்து, கணினியில் அந்த மேசைமீது வைத்தேன். மேசையில் அதன் பிரதிபலிப்பும் தெரிந்தால்தானே நம்பும்படி இருக்கும்? டம்ளர் படத்தை நகலெடுத்து, ஃபோட்டோஷாப்பில் Flip Vertical கொடுத்துத் தலைகீழாக்கி, அடியில் ஒட்டி, கொஞ்சம் மங்கலாக்கினேன். பத்து நிமிட வேலை.

படத்தைப் பார்த்த மன்றத்து அக்கா ஒருவர் கேட்டது ஒரே கேள்வி. “தம்பி, கீழே இருக்கிற டம்ளர் கவிழ்ந்து கிடக்கே, காப்பி கொட்டலையா?”

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. பிரதிபலிப்பிலும் வட்டமாகக் காப்பியும் நுரையும் தெரிந்தன. உண்மையான மேசையில் அது நடக்கவே நடக்காது. நீங்களே ஒரு குவளையைக் கைத்தொலைபேசியின் அணைத்த திரைமீது வைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது குவளைக்குள் இருப்பது தெரியும். திரையில் விழும் பிம்பத்திலோ குவளையின் வெளிப்பக்கமும் விளிம்பின் கீழ்ப்பகுதியும் மட்டுமே தெரியும்.

பளபளப்பான மேசை காட்டுவது, நம் கேமரா பார்த்த படத்தின் தலைகீழ் நகலை அல்ல. கேமரா மேசைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, மேசைக்குக் கீழே அதே அளவு ஆழத்தில் இன்னொரு கேமரா இருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அதையே மேசை காட்டுகிறது. மேலே இருக்கும் கேமராவுக்கு டபராவின் உட்பக்கம் தெரியும், கீழே இருப்பதற்கு வெளிப்பக்கம் தெரியும். டபராவின் விளிம்பு டம்ளரை மறைக்கும் அளவுகூட மாறும். கீழிருந்து பார்க்கையில் விளிம்பு அதிகம் மறைப்பதால், பிரதிபலிப்பில் டம்ளர் குட்டையாகத் தெரியும்.

என் படத்தில் இன்னொரு தவறும் இருந்தது. டபராவின் அடிப்பகுதி வட்டம் என்பதால், படத்தில் அதன் கீழ்க்கோடு கீழ்நோக்கி வளைந்திருக்கும். நகலைத் தலைகீழாக்கினால் அந்த வளைவு மேல்நோக்கித் திரும்பிவிடும். இரண்டு வளைவுகளும் நடுவில் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு, இரு பக்கமும் ஆப்பு வடிவில் இடைவெளி விடும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும், பாத்திரம் மேசையில் உட்காரவில்லை என்று கண் சொல்லிவிடும்.

கேமரா ஏறக்குறைய மேசை மட்டத்திலேயே இருந்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. அப்போது மேலே உள்ள கேமராவும் கீழே உள்ளதாக நாம் நினைக்கும் கேமராவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருப்பதால், தலைகீழ் நகலே போதும். இணையத்தில் எடுத்த படத்தை வைத்து வேலை செய்பவர்களுக்கு இதுதான் எளிய வழி: பொருளின் மேற்பரப்பு தெரியாத, தாழ்வான கோணத்தில் எடுத்த படமாகத் தேடுங்கள்.

என் இரண்டு படங்களுமே சுமார் 30 பாகை கீழ்நோக்கி எடுத்தவை. டபரா டம்ளர் வீட்டிலேயே இருந்ததால், பிரதிபலிப்புக்கென்று தனியாக இன்னொரு படம் எடுத்தேன். முதல் படத்தில் கேமரா, பாத்திரத்தின் அடிமட்டத்திலிருந்து 40 செண்டிமீட்டர் மேலே, 70 செண்டிமீட்டர் தள்ளி இருந்தது. இரண்டாவது படத்துக்கு டபராவை உயரமான அலமாரியின் ஓரத்தில் வைத்து, கேமராவை அதே 70 செண்டிமீட்டர் தூரத்தில், ஆனால் அடிமட்டத்துக்கு 40 செண்டிமீட்டர் கீழே பிடித்து, அதே கோணத்தில் மேல்நோக்கி எடுத்தேன். (ஓரத்தில் வைக்காவிட்டால் அலமாரியே அடிப்பகுதியை மறைத்துவிடும். அம்மா அருகில் நின்று, விழுந்தால் பிடிக்கத் தயாராக இருந்தார்.) சன்னல் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் படத்தைத் தலைகீழாக்கி, டம்ளர் லேயருக்குக் கீழே வைத்தபோது இரண்டு அடி வளைவுகளும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. காப்பியும் காணாமல் போனது.

அடுத்தது வெளிச்சம். மெருகேற்றிய பரப்பை நேர் மேலிருந்து பார்த்தால் அது விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்பும். 30 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது சுமார் 9 விழுக்காடு. 10 பாகைக்குத் தாழ்ந்து பார்த்தால் அது 40 விழுக்காட்டை நெருங்கிவிடும். எவ்வளவு மங்கலாக்குவது என்பதற்கு ஒரே எண் இல்லாததற்கு இதுவே காரணம். நான் அந்தக் கணக்கைப் போடவில்லை. மேசைப் படத்தில் ஏற்கெனவே ஒரு சர்க்கரை டப்பா இருந்தது. அதன் பிரதிபலிப்பு எவ்வளவு மங்கலாக இருந்ததோ, அதற்கு இணையாக வரும்வரை என்னுடையதைக் குறைத்தேன். அந்த டப்பாவின் பிம்பம் அடிப்பகுதியில் கூர்மையாகவும், விலக விலகக் கலங்கியும் இருந்தது. மேசையில் நுண்ணிய கீறல்கள் இருந்தால் அப்படித்தான் தெரியும். ஆகவே என் பிம்பத்தையும் டபராவின் அடியில் கூர்மையாக விட்டு, விளிம்பை நோக்கிச் சிறிது சிறிதாகக் கலங்கச் செய்தேன்.

பிரதிபலித்த ஒளி மேசையின் சொந்த நிறத்தோடு சேர்வதால், லேயருக்கு Screen முறையைத் தேர்ந்தெடுத்தேன். இங்கேதான் நான் எதிர்பாராத தடங்கல். மேசையின் இடது பக்கத்தில் சன்னலின் வெள்ளைப் பளபளப்பு விழுந்திருந்தது. டபராவின் பிம்பம் அதன்மேல் வந்தபோது, சன்னல் ஊடுருவித் தெரிந்தது, பேய்ப்படம் போல. Screen ஒளியைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. ஆனால் உண்மையில் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்த சன்னல் ஒளியை இப்போது டபரா மறைத்து நிற்கிறது. ஆகவே டபராவின் பிம்பம் விழும் வடிவத்துக்குள் மட்டும் சன்னலின் பளபளப்பை அழித்து, அங்கே பளபளப்பில்லாத மேசைப் பகுதியை நிரப்பினேன். அதன்மேல்தான் பிம்பத்தைச் சேர்த்தேன். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் டபரா மேசைமீது இருப்பதாக எனக்கே தோன்றியது.

விழா முடிந்ததும் நண்பன் ஒருவன் தன் மோட்டார்சைக்கிளை மழையில் நனைந்த சாலைப் படம் ஒன்றில் வைத்துத் தரச் சொன்னான். வண்டி சற்றுத் திரும்பி நின்றதால், படத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கீழே தரையைத் தொட்டது. மொத்தமாகத் தலைகீழாக்கினால் ஒரு சக்கரத்தின் பிம்பம் பொருந்தும், மற்றது விலகி நிற்கும். Skew கொண்டு நகலைச் சாய்த்து, இரண்டு சக்கரங்களும் தத்தம் பிம்பத்தைத் தொடும்படி செய்தேன்.

நனைந்த தார்ச்சாலை மேசையைப் போல வழுவழுப்பானதன்று. அதன் மேடுபள்ளங்கள் பிம்பத்தைப் பார்ப்பவரை நோக்கி நீளவாக்கில் இழுத்துவிடும், பக்கவாட்டில் அவ்வளவாகப் பரப்பாது. அதனால் Motion Blur-ஐ 90 பாகையில், செங்குத்தாகக் கொடுத்தேன். தேங்கி நிற்கும் குட்டைகளில் மட்டும் பிம்பத்தைத் தெளிவாக விட்டேன்.

முன்விளக்கு மட்டும் சரியாக வரவில்லை. மங்கலாக்கியதும் அது சாம்பல் நிறமாகிவிட்டது. விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் கேமரா அதை வெறும் வெள்ளை என்றே பதிவு செய்கிறது. சாலையில் பத்தில் ஒரு பங்கு ஒளி திரும்பினாலும் உண்மையான விளக்கு வெள்ளையாகத்தான் தெரியும். கடைசியில் விளக்கின் கோட்டைத் தனி லேயரில் கையால் வரைந்தேன், வண்டியின் மற்ற பகுதிகளின் பிம்பத்தைவிட நீளமாக, நடுவில் முழு வெள்ளையாக.