இரவு 2 மணிக்கு ஓடும் வேலைக்கு யார் பொறுப்பு?

தரவுப் பிரிவில் ஜூனியர் அனலிஸ்டாகச் சேருபவருக்கு முதல் நாளே லேப்டாப் கிடைத்துவிடும். கடவுச்சொல்லும் நாலைந்து டாஷ்போர்டுகளின் முகவரியும் கிடைத்துவிடும். அந்த டாஷ்போர்டில் காலை 9 மணிக்குத் தெரியும் எண் எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, அதை நம்பி இன்னும் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று சொல்லும் குறிப்பு மட்டும் பெரும்பாலும் கிடைக்காது. பல அலுவலகங்களில் அது ஓரிரு மூத்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

ஓரிடத்தில் இருக்கும் தரவைக் குறித்த நேரத்தில் இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தானியங்கி வேலையை ‘சிங்க்’ என்பார்கள். எல்லா சிங்க்குகளையும், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரையும், அதைச் சார்ந்து நிற்பவற்றையும் எழுதிவைக்கும் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 40 கிளைகள் வைத்திருக்கும் ஒரு மளிகை நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரவு 2 மணிக்கு எல்லாக் கிளைகளின் பில்களும் தலைமை அலுவலகத்தின் தரவுத்தளத்துக்கு வருகின்றன. 3 மணிக்கு அந்த விற்பனையைக் கழித்து, ஒவ்வொரு கிளையிலும் என்ன சரக்கு மிச்சம் என்று கணக்காகிறது. 4.30 மணிக்கு அந்த இருப்பைப் பார்த்து, எந்தக் கிளைக்கு எதை வாங்க வேண்டும் என்ற கொள்முதல் பட்டியல் தயாராகிறது. 5.30 மணிக்கு அது மின்னஞ்சலில் மொத்த வியாபாரிகளுக்குப் போய்விடுகிறது. அவர்கள் காலையிலேயே வண்டியில் சரக்கை ஏற்ற வேண்டும் என்பதால்தான் இந்த அவசரம்.

இந்த நான்கு வேலைகளும் ஒன்றின் பின் ஒன்றாக நடப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அவை கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. 3 மணி ஆனதும் இருப்புக் கணக்கு தொடங்கிவிடும். விற்பனை சிங்க் முடிந்ததா என்று அது கேட்பதில்லை. சாதாரண நாட்களில் விற்பனை சிங்க் 25 நிமிடத்தில் முடிந்துவிடுவதால் இடைவெளி தாராளமாக இருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் பில்கள் பல மடங்காகின்றன. விற்பனை சிங்க் 75 நிமிடம் எடுத்து 3.15க்கு முடிகிறது. 3 மணிக்கு இருப்புக் கணக்கு தொடங்கியபோது 32 கிளைகளின் பில்கள்தான் வந்திருந்தன. மீதி 8 கிளைகளில் அன்று ஒன்றுமே விற்கவில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. அந்த எட்டில் ஒரு கிளையில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் 60 பாக்கெட் இருந்தது. அன்று 48 விற்றது. அலமாரியில் இருப்பது 12. இருப்பு 20க்குக் கீழே போனால் வாங்க வேண்டும் என்பது விதி. கணக்கில் இன்னும் 60 என்று இருப்பதால் பட்டியலில் நல்லெண்ணெய் இடம்பெறவில்லை. தீபாவளி நேரத்தில் அந்த 12 பாக்கெட்டும் மறுநாள் கடை திறந்த சிறிது நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

இதில் எந்த சிங்க்கும் தோல்வியடையவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்காணிப்புத் திரையில் நான்குமே பச்சையாக இருக்கின்றன. விற்பனை டாஷ்போர்டும் சரியாகவே இருக்கிறது. 3.15க்குள் எல்லா பில்களும் வந்துவிட்டதால் காலை 9 மணிக்குப் பார்ப்பவருக்கு 40 கிளைகளும் தெரியும். இருப்பு மட்டும்தான் தவறு. சிங்க்குகளைத் தனித்தனியாகப் பார்த்தால் இந்தப் பிழை கண்ணில் படாது. விற்பனை சிங்க் முடிந்த நேரத்தையும் இருப்புக் கணக்கு தொடங்கிய நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நடுவே மாட்டிய அந்த 15 நிமிடம் தெரியும்.

ஆகவே குறிப்பில் ஒரு சிங்க்கின் தொடங்கும் நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. வழக்கமாக எத்தனை நிமிடத்தில் முடியும், எத்தனை மணியைத் தாண்டினால் அடுத்ததைக் கெடுக்கும் என்பதையும் எழுத வேண்டும். விற்பனை சிங்க்குக்கான பதிவு இப்படி இருந்தால் புதியவருக்குப் புரியும்: “கிளைப் பில்கள். இந்திய நேரம் இரவு 2 மணி. வழக்கமாக 2.25க்கு முடியும். 3 மணிக்குள் முடியாவிட்டால் இருப்புக் கணக்கு தவறும். பொறுப்பு: தரவுப் பொறியாளர், அவர் விடுப்பில் இருந்தால் கிளை பில்லிங் பிரிவின் தலைவர். இதைச் சார்ந்தவை: இருப்புக் கணக்கு, கொள்முதல் பட்டியல், காலை விற்பனை அறிக்கை. மீண்டும் ஓட்டலாம், அந்த நாளின் பில்களை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றும், இரட்டிப்பாகாது.”

‘இந்திய நேரம்’ என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பல சர்வர்கள் உலகப் பொது நேரமான UTC-யில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. எனவே இந்த சிங்க்கின் அட்டவணை சர்வரில் இப்படித்தான் இருக்கும்:

```
30 20 * * *
```

அதாவது தினமும் 20.30 மணி. இதைப் பார்க்கும் புதியவர் இரவு எட்டரைக்கு ஓடுகிறது என்றுதான் நினைப்பார். நமக்கு அது மறுநாள் இரவு 2 மணி. மணி மட்டுமல்லாமல் தேதியும் மாறுவதுதான் பெரிய சிக்கல். 3 மணிக்கு இருப்புக் கணக்கைத் தொடங்கும் முன் நேற்றைய பில்கள் 40 கிளைகளிலிருந்தும் வந்தனவா என்று சோதிக்க ஒரு வரி சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு 18ஆம் தேதி விடியற்காலை 3 மணி. சர்வருக்கு இன்னும் 17ஆம் தேதி இரவு 9.30. ‘இன்றைக்கு முந்தைய நாள்’ என்று கேட்டால் அது 16ஆம் தேதியைப் பார்க்கும். அன்றைய பில்கள் எப்போதோ வந்து சேர்ந்திருப்பதால் 40 என்று பதில் வரும், சோதனையும் தேறிவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சரியான கேள்வி இது:

```sql
SELECT COUNT(DISTINCT store_id)
FROM sales
WHERE bill_date =
  (now() AT TIME ZONE 'Asia/Kolkata')::date - 1;
```

விடை 40க்குக் குறைந்தால் இருப்புக் கணக்கு காத்திருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. ஒரு கிளையின் பாதிப் பில்கள் மட்டும் வந்திருந்தாலும் அதை வந்ததாகவே எண்ணும். உள்ளூர் விடுமுறைக்காக ஒரு கிளையை மூடியிருந்தால் 39தான் சரியான விடை. இவற்றையும் குறிப்பில் எழுதிவிட்டால் புதியவர் வீணாக அலற மாட்டார், வீணாக நிம்மதியடையவும் மாட்டார்.

முந்தைய வேலை முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும்படி இணைக்க ஏர்ஃப்ளோ போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே இடத்தில் ஓடினால் அப்படி இணைப்பதே நல்லது. ஆனால் கொள்முதல் பட்டியல் வேறொரு பிரிவின் சர்வரில், வேறொருவர் எழுதிய நிரலில் ஓடினால் அந்தச் சங்கிலி பாதியில் நின்றுவிடும். இரு பிரிவுகளுக்கு நடுவே இருக்கும் இந்தச் சார்பு எந்தத் திரையிலும் தெரியாது. மனிதர் கையால் எழுதிவைத்தால்தான் உண்டு.

இனி பொறுப்பாளர். நல்லெண்ணெய் விஷயம் காலை 7 மணிக்கே ஜூனியர் கண்ணில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும் என்றுதான் அவருக்குத் தோன்றும். இருப்புக் கணக்கை எத்தனை முறை ஓட்டினாலும் கெடுதல் இல்லை. கொள்முதல் பட்டியலை மறுபடி ஓட்டினால் அது முழுப் பட்டியலையும் மறுபடி வியாபாரிகளுக்கு அனுப்பிவிடும். ஏற்கெனவே சரியாகப் போன 32 கிளைகளின் ஆர்டரும் இரண்டாம் முறை போகும். சில கடைகளில் எண்ணெய் இல்லை என்ற குறை, எல்லாக் கடைகளிலும் இரட்டைச் சரக்கு என்ற நஷ்டமாக மாறும். விடுபட்ட 8 கிளைகளுக்கு மட்டும் ஆர்டர் அனுப்பலாமா, வியாபாரியிடம் தொலைபேசியில் சொல்லிவிடலாமா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் கொள்முதல் மேலாளர். பட்டியலின் நிரலை எழுதியவர் தரவுப் பிரிவில் இருந்தாலும், குறிப்பில் பொறுப்பு என்ற இடத்தில் மேலாளரின் பதவிதான் வர வேண்டும். என் கணக்கில் பொறுப்பாளர் என்பவர், இன்று இதை நிறுத்தலாமா ஓட்டலாமா என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர். நிரலைச் சரிசெய்யத் தெரிந்தவரின் பெயரை அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம். ‘ஐ.டி. டீம்’ என்று எழுதுவது யாரையும் எழுதாததற்குச் சமம்.

வங்கியிலிருந்து வரும் கோப்பு இதற்கு இன்னோர் உதாரணம். அட்டைப் பணம் கணக்கில் வந்த விவரம், ஒப்பந்தப்படி வங்கி வேலைநாட்களில் காலை 6 மணிக்கு வருகிறது. கோப்பு வரவில்லை என்றால் வங்கியிடம் கேட்கும் உரிமை கணக்குப் பிரிவுக்குத்தான் உண்டு, எனவே பொறுப்பும் அவர்களுடையதே. மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கி விடுமுறை. அன்று கோப்பு வராதது பிழையே அல்ல. மற்ற சனிக்கிழமைகளில் வராவிட்டால் பிழை. புதியவர் இதைத் தானாக ஊகித்துக்கொள்ள வழியில்லை.

பொறுப்பாளரோடு சேர்த்து, சிங்க் எந்தக் கணக்கின் பெயரில் உள்ளே நுழைகிறது என்பதையும் எழுத வேண்டும். அவசரத்தில் ஒருவர் தன் சொந்த அலுவலகக் கணக்கைக் கொடுத்து சிங்க்கை அமைத்துவிடுவது சகஜம். அவர் வேலையை விட்டுப் போனதும் அந்தக் கணக்கை மூடுவார்கள், அன்றிரவே சிங்க் நின்றுவிடும். குறிப்பு எழுதும்போதே தனிநபர் கணக்கில் ஓடுபவற்றைக் குறித்துவைத்து, பொதுக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.

இந்தக் குறிப்பைப் புதியவர் கையில் கொடுத்ததும் அவருக்குத் தரவேண்டிய முதல் வேலை, அதை சர்வரில் உள்ள உண்மையான அட்டவணையோடு வரிக்கு வரி ஒப்பிடுவது. பழகிய கண் தாண்டிப்போகும் வித்தியாசங்கள் புதிய கண்ணில் படும். நேரம் மாறியவையும், குறிப்பிலேயே இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பவையும் அப்போது வெளிவரும். பொறுப்பாளர் பெயரும் சார்பும் இல்லாத ஒரு சிங்க் அகப்பட்டால், நிறுத்திப் பார்ப்போம், யாராவது கேட்டால் தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1-க்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி கெடு. அதற்காக மட்டும் கணக்குப் பிரிவு ஒரு அட்டவணையைத் திறக்கலாம். 12ஆம் தேதி நிறுத்தினால் நான்கு வாரம் யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் அந்த அட்டவணையை யார், எப்போது வாசித்தார்கள் என்று தரவுத்தளப் பதிவுகளில் ஓராண்டுக்குப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அவ்வளவு பழைய பதிவு இல்லாவிட்டால், ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்க வேண்டும். ஆண்டுக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-9-க்கு டிசம்பர் 31 கெடு என்பதால், கணக்குப் பிரிவிடம் மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் கோப்புகள் எவை என்று தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.