ஒருமுறை கழித்தால் அடி, இருமுறை கழித்தால் பிம்பம்

ஒரு கோடும் அதை விட்டு விலகி ஒரு புள்ளியும் இருந்தால், கோட்டின்மேல் அந்தப் புள்ளிக்கு மிக அருகே உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்து வரைந்தால் அது போய்த் தொடும் இடம் அது. செங்குத்தின் அடி என்று பள்ளிக் கணக்கு அதைச் சொல்லும். புள்ளியின் வீழல் என்றும் சொல்வதுண்டு. அதே செங்குத்தைக் கோட்டைத் தாண்டி, அதே நீளத்துக்கு, மறுபக்கம் நீட்டினால் கிடைப்பது பிம்பப் புள்ளி. மூலைமட்டமும் கவராயமும் இருந்தால் இரண்டையும் தாளில் வரைந்துவிடலாம். எண்களாக வேண்டுமென்றால் சாய்வைக் கண்டுபிடித்து, செங்குத்துக் கோட்டுக்குச் சமன்பாடு எழுதி, இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்ப்பதே பள்ளியில் பழகிய வழி. அதில் தவறில்லை. ஆனால் கோடு நேர் மேலாக நிமிர்ந்து நின்றால் சாய்வுக்கு மதிப்பே கிடையாது. முப்பரிமாணத்துக்குப் போனாலோ சாய்வு என்ற ஒற்றை எண் எதற்கும் போதாது. புள்ளிப் பெருக்கத்துக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

இரண்டு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கம் என்பது ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டுவது, அவ்வளவே. (5, 10), (4, 3) என்ற இரண்டுக்கும் அது 5×4 + 10×3, அதாவது 50. விடை ஒரு வெறும் எண். அதற்குத் திசை கிடையாது. அதைப் பற்றி இரண்டு செய்திகள் தெரிந்தால் போதும். ஒன்று, இரண்டு வெக்டர்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் பெருக்கம் சுழியம். இரண்டு, ஒரு வெக்டரை அதனோடே பெருக்கினால் அதன் நீளத்தின் வர்க்கம் கிடைக்கும். (4, 3)-க்கு அது 25, நீளம் 5. இரண்டாவது செய்தி பிதாகரஸ் தேற்றம்தான்.

கோட்டைக் குறிக்க அதன்மேல் உள்ள ஒரு புள்ளி A, அது போகும் திசை d, இரண்டும் போதும். A-யிலிருந்து d-யின் வழியே t மடங்கு நடந்தால் கோட்டின் எந்தப் புள்ளியையும் அடையலாம். ஆக, அடியைத் தேடுவது என்பது t என்ற ஒரே ஓர் எண்ணைத் தேடுவதுதான். P என்ற புள்ளியிலிருந்து அடிக்கு வரும் வெக்டர் கோட்டுக்குச் செங்குத்து என்பதால், அதற்கும் d-க்கும் உள்ள பெருக்கம் சுழியமாக வேண்டும். அந்த ஒரு நிபந்தனையை எழுதிப் பிரித்தாலே விடை வந்துவிடுகிறது:

```
t  = ((P - A)·d) / (d·d)
F  = A + t d
P' = 2F - P
```

F என்பது அடி, P' என்பது பிம்பம். அடி, புள்ளிக்கும் பிம்பத்துக்கும் நடுவில் இருப்பதால் கடைசி வரி தானே வருகிறது.

A = (1, 2), d = (4, 3), P = (6, 12) என்று வைத்துப் பார்க்கலாம். A-யிலிருந்து P-க்குப் போகும் வெக்டர் (5, 10). அதற்கும் d-க்கும் பெருக்கம் 50, d-யின் வர்க்கம் 25, எனவே t = 2. (1, 2)-இலிருந்து (4, 3)-ஐ இருமடங்கு நடந்தால் அடி (9, 8). பிம்பம் (18 − 6, 16 − 12), அதாவது (12, 4). விடை சரியா என்று பார்க்க, P-யிலிருந்து அடியைக் கழித்தால் (−3, 4). அதை (4, 3)-ஓடு பெருக்கினால் −12 + 12, சுழியம். செங்குத்து உறுதி. அந்த (−3, 4)-இன் நீளம் 5 என்பதால், புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள தூரமும் கூடவே தெரிந்துவிட்டது. A-யிலிருந்து P-க்கும் பிம்பத்துக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும் என்பது இன்னொரு சோதனை. (5, 10), (11, 2) இரண்டின் வர்க்கமும் 125.

விடையைவிட t சில நேரம் பயனுள்ளது. கைபேசியின் வரைபடச் செயலி, செயற்கைக்கோள் சொல்லும் சற்றே பிசகிய இடத்தைச் சாலையின்மேல் கொண்டுவந்து வைக்கும்போது இப்படிப்பட்ட வீழல் கணக்குதான் அடிப்படை. ஆனால் சாலை என்பது முடிவில்லாத கோடு அல்ல, துண்டு துண்டாக முடியும் கோடு. துண்டின் ஒரு முனை A, d மறுமுனை வரை நீளும் வெக்டர் என்று வைத்தால், t சுழியத்துக்கும் 1-க்கும் இடையில் இருக்கும்வரை அடி சாலையின்மேல் விழும். t = 1.3 என்று வந்தால் அடி சாலை முடிந்த பிறகு வெளியே விழுகிறது. அப்போது மிக அருகே உள்ள இடம் மறுமுனைதான். t எதிர்மறையானால் A-யே விடை. இதைக் கவனிக்காத நிரலில் வண்டி, சாலை இல்லாத இடத்தில் நிற்பதாகக் காட்டும்.

இதில் இன்னொரு பள்ளம் உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே கூறுகளாகப் போட்டுப் பெருக்கினால் வரும் செங்குத்து தரையில் செங்குத்தாக இருக்காது. ஏறக்குறைய 60 பாகை வடக்கே உள்ள ஹெல்சிங்கியில் ஒரு பாகை தீர்க்கரேகையின் தூரம் ஒரு பாகை அட்சரேகையின் தூரத்தில் பாதிதான். இரண்டு கூறுகளுக்கும் ஒரே அளவுகோல் இருக்கும்போது மட்டுமே புள்ளிப் பெருக்கம் நீளத்தையும் செங்கோணத்தையும் சரியாகச் சொல்லும். முதலில் மீட்டருக்கு மாற்றிக்கொண்டு பிறகு வீழ்த்துவதே முறை.

தளத்துக்கு வந்தால் வேலை இன்னும் எளிது. ஒரு தளத்துக்குள் எண்ணற்ற திசைகள் உண்டு, ஆனால் அதற்குச் செங்குத்தான திசை ஒன்றே. அதை n என்ற வெக்டரால் குறிப்பார்கள். தளத்தின் சமன்பாடு 2x − y + 2z = 3 என்றால் n அதிலேயே எழுதியிருக்கிறது: (2, −1, 2). அடிக்குப் போக P-யிலிருந்து n-இன் வழியேதான் இறங்க வேண்டும். எத்தனை மடங்கு என்பதுதான் கேள்வி.

```
s  = (n·P - k) / (n·n)
F  = P - s n
P' = P - 2 s n
```

k என்பது சமன்பாட்டின் வலப்பக்க எண், இங்கே 3. P = (5, −3, 4) என்றால் n·P என்பது 10 + 3 + 8, அதாவது 21. அதில் 3 போக 18. n-இன் வர்க்கம் 9 என்பதால் s = 2. ஒருமுறை 2n-ஐக் கழித்தால் அடி (1, −1, 0). இன்னொரு முறை கழித்தால் பிம்பம் (−3, 1, −4). அடியைச் சமன்பாட்டில் போட்டால் 2 + 1 + 0 = 3, தளத்தின்மேல் இருக்கிறது. பிம்பத்தைப் போட்டால் −15 வருகிறது. 3 போக −18. முதலில் இருந்த 18 குறி மாறி நிற்பதே பிம்பம் மறுபக்கம் சரியான தூரத்தில் இருக்கிறது என்பதற்குச் சான்று. தூரம் வேண்டுமானால் 18-ஐ n-இன் நீளமான 3-ஆல் வகுக்கலாம், 6 அலகு.

இங்கே பெரும்பாலும் சறுக்கும் இடம் n·n-ஆல் வகுக்க மறப்பது. பல நூல்கள் n-ஐ ஓரலகு வெக்டர் என்று எடுத்துக்கொண்டு வகுத்தலை எழுதாமலே விடும். அந்தச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் வேறு நீளமுள்ள n-இல் அதைப் போட்டுவிடுவார். மேலே உள்ள கணக்கில் 2n-க்குப் பதில் 18n-ஐக் கழித்தால், n·P − k என்பது சுழியமாவதற்குப் பதில் −144 ஆகும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். நீளம் 1.01 என்று சற்றே பிசகியிருந்தால்தான் ஆபத்து. அப்போது பிம்பம் மறுபக்கம் இருக்க வேண்டிய தூரத்தைவிட ஏறக்குறைய 4 சதவீதம் தள்ளிப் போகும். படம் பார்க்க ஒழுங்காகவே தெரியும். கணினி வரைகலையில் பயன்படும் ஜிஎல்எஸ்எல் மொழியில் `reflect(I, N)` என்றொரு செயற்கூறு உண்டு. அது செய்வது `I - 2.0 * dot(N, I) * N` மட்டும்தான், வகுத்தல் கிடையாது. N-இன் நீளத்தை 1 ஆக்கித் தருவது எழுதுபவர் பொறுப்பு.

அந்தச் செயற்கூற்றில் k-யும் இல்லை. அது பிரதிபலிப்பது புள்ளியை அல்ல, ஒளி வரும் திசையை. திசைக்கு இடம் கிடையாது என்பதால் தளம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுவதில்லை; அது எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பது மட்டுமே வேண்டும்.

முப்பரிமாணத்தில் கோட்டைப் பற்றிய பிம்பமும் தளத்தைப் பற்றிய பிம்பமும் வேறு வேறு. கோட்டைப் பற்றிப் பிரதிபலிப்பது, அந்தக் கோட்டை அச்சாக வைத்துப் பொருளை 180 பாகை சுழற்றுவதற்குச் சமம். வலக்கை வலக்கையாகவே இருக்கும். தளத்தைப் பற்றிப் பிரதிபலித்தால் வலக்கை இடக்கையாகிவிடும், எந்தச் சுழற்சியாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று கண்ணாடிகள் ஒரு மூலையில் சந்திக்கும்போது இதே கழித்தல் ஒரு வேடிக்கை செய்கிறது. வரும் ஒளியின் திசை (a, b, c) என்க. முதல் கண்ணாடியின் செங்குத்து (1, 0, 0). அதனுடன் பெருக்கம் a. இருமடங்கைக் கழித்தால் (−a, b, c). இரண்டாவது கண்ணாடி b-யின் குறியை மாற்றும், மூன்றாவது c-யின் குறியை. மூன்றையும் தொட்டு வெளியேறும் ஒளியின் திசை (−a, −b, −c). எந்தக் கோணத்தில் வந்தாலும் வந்த திசையிலேயே திரும்பிப் போகிறது. கண்ணாடியை யாரும் குறிபார்த்துத் திருப்பி வைக்க வேண்டியதில்லை.

1969-இல் அப்பல்லோ 11 பயணத்தினர் நிலவில் வைத்துவிட்டு வந்த தட்டில் இந்த வகைப் பட்டகங்கள் 100 உண்டு. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் துடிப்பு அவற்றில் பட்டுத் திரும்ப ஏறக்குறைய 2.5 விநாடி ஆகிறது. அப்பல்லோ 14, 15 பயணங்கள் வைத்த தட்டுகளோடு சேர்த்து இவற்றை வைத்தே நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது என்று அளந்திருக்கிறார்கள்.

எல்லாம் அந்தச் செங்கோணத்தை நம்பித்தான். θ கோணத்தில் நிற்கும் இரண்டு கண்ணாடிகளில் அடுத்தடுத்துப் பிரதிபலித்தால் திசை 2θ சுழலும். 90 பாகை என்றால் 180, அதாவது நேர் எதிர்த்திசை. கோணம் ஒரு விகலை, அதாவது பாகையில் 3600-இல் ஒரு பங்கு, கூடிவிட்டால் இரண்டு கண்ணாடிகளுக்கும் செங்குத்தான தளத்தில் வரும் ஒளி இரண்டு விகலை விலகிப் போகும். 3,84,400 கிலோமீட்டர் தாண்டிப் பூமிக்கு வரும்போது அது ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் தள்ளி விழும்.