பழைய டிவிக்கு உண்மையில் என்ன விலை?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, காலை நாளிதழை விரித்தால் மடியில் பளபளப்பான தாள்கள் விழத் தொடங்கிவிடும். "பழைய டிவியைக் கொடுங்கள், புதிய டிவியை எடுத்துச் செல்லுங்கள்" என்பார்கள். அறுபது, எழுபது வயதைக் கடந்த பலர் அந்த வரியை இப்போதுதான் தங்களுக்கானதாகப் படிக்கிறார்கள். 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்த 14 அங்குல வண்ணப் பெட்டியோ, மகன் எப்போதோ வாங்கி வைத்த 21 அங்குலப் பெட்டியோதான் அவர்கள் வீட்டில் இருந்தது. ஷோரூமுக்குப் போய், தாமே விலை கேட்டு, தம் பெயரில் பில் போடுவது இதுதான் முதல்முறை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம். ஒரு 32 அங்குல டிவிக்கு "₹9,990 மட்டுமே" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் ஒரு சிறிய நட்சத்திரக் குறி. தாளின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், அதே நட்சத்திரத்துக்கு விளக்கம் இருக்கும். சலுகை விலை ₹13,990. பழைய டிவிக்கு ₹3,000 வரை கழிவு. குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டுக்கு ₹1,000 கேஷ்பேக். இரண்டையும் கழித்த பிறகு வருவதுதான் அந்த ₹9,990.

அதே கடைக்கு ஒரு முதிய தம்பதி போகிறார்கள். அவர்களிடம் கிரெடிட் கார்டு இல்லை. ஆகவே முதல் ஆயிரம் கிடையாது. அவர்களுடைய பழைய டிவி பின்புறம் பெருத்த, பிக்சர் டியூப் வைத்த பெட்டி. "மூவாயிரம் வரை என்பது நல்ல நிலையில் இருக்கும் எல்.இ.டி. டிவிக்குத்தான், பெரியவரே. டியூப் டிவிக்கு ஆயிரம்தான் வரும்" என்கிறார் விற்பனையாளர். அவர் பொய் சொல்லவில்லை. தாளில் இருக்கும் 'வரை' என்ற இரண்டெழுத்து அதைத்தான் சொல்கிறது. ஆக, அவர்கள் கையிலிருந்து போகப்போவது ₹12,990. கொட்டை எழுத்து விலையைவிட மூவாயிரம் கூடுதல். இந்தக் கணக்கை விற்பனையாளர் பில் போடும்போது சொல்வதற்கு முன், வாங்குபவர் கடைக்குள் நுழைந்ததுமே கேட்டுவிட வேண்டும்.

அடுத்த கேள்வி அதைவிட முக்கியம். "பழைய டிவி எதுவும் கொடுக்கவில்லை; ரொக்கமாகத் தருகிறேன். கடைசி விலை என்ன?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பண்டிகை நாளில் பல கடைகளில் இந்தக் கேள்விக்கே விலை இறங்கும். நம் உதாரணத்தில் அது ₹13,490 ஆனது என்றால், பழைய பெட்டியின் உண்மையான மதிப்பு ஆயிரம் இல்லை, வெறும் ஐந்நூறு. பக்கத்துத் தெருக் கடையில் அதே மாடலை எக்ஸ்சேஞ்ச் இல்லாமலே ₹12,800க்குத் தந்தால், அங்கே வாங்குவதுதான் லாபம். பழைய டிவியும் வீட்டிலேயே இருக்கும்.

ஒப்பிடும்போது மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து பார்க்க வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே அளவு என்றாலும் ஓர் எழுத்து மாறினால் அது வேறு டிவியாக இருக்கலாம். அட்டைப் பெட்டியின் மேலேயே தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். இரண்டு ஆண்டாகக் குடோனில் கிடந்த சரக்கை இந்த ஆண்டின் புதிய மாடல் விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

டியூப் டிவிக்கு ஏன் இவ்வளவு குறைவு? கடைக்காரர் அதைப் பழுது பார்த்து விற்கப்போவதில்லை. அதற்குள் விலை போவது செம்புக் கம்பிச் சுருளும் சில உதிரிகளும்தான். எடையில் பெரும்பகுதி பிக்சர் டியூப்பின் கண்ணாடி; அதில் ஈயம் கலந்திருப்பதால் சாதாரணக் கண்ணாடியோடு சேர்த்து உருக்க முடியாது. எனவே கடை தரும் ஆயிரம் பெரும்பாலும் தள்ளுபடிதான். எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் வருகிறது. இதற்காக அந்தப் பெட்டியைக் கண்ட இடத்தில் போட்டு உடைத்துவிடவும் கூடாது. டியூப்புக்குள் காற்று இல்லாததால் அது வெடித்துச் சிதறும். ஈயம் மண்ணில் சேரும். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள், தயாரிப்பு நிறுவனங்களைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்கள் வழியாகவே இவற்றைக் கையாளச் சொல்கின்றன. விலை சமமாக இருந்தால், பெட்டியைக் கடையிடமே ஒப்படைப்பது நல்லதுதான்.

பில்லைப் பார்த்ததும் பெரியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். பழைய டிவியைக் கழித்த பிறகும் முழு விலைக்கு வரி போட்டிருக்கிறார்களே என்று. அது சரிதான். ஜி.எஸ்.டி. விதிகளிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு: பழைய போனோடு ₹20,000க்கும், பழைய போன் இல்லாமல் ₹24,000க்கும் ஒரு புதிய போன் விற்கப்பட்டால், வரிக்கான மதிப்பு ₹24,000. நம் டிவியின் ₹13,990க்குள்ளேயே 18 சதவீத வரி, சுமார் ₹2,134, அடங்கிவிட்டது. அதற்குக் கீழே ஒரு வரியில் பழைய டிவிக்கான ஆயிரம் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். "வரி தனியாகக் கட்ட வேண்டும்" என்று யாராவது சொன்னால், அட்டைப் பெட்டியில் உள்ள எம்.ஆர்.பி.யைக் காட்டலாம், அந்த விலையே எல்லா வரிகளும் சேர்ந்ததுதான். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது.

சிக்கல் அதிகம் வருவது கடையில் இல்லை, வீட்டு வாசலில். டெலிவரிக்கு வந்த பையன் பழைய டிவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "படம் வரவில்லை, ஐந்நூறு கூடுதலாகக் கொடுங்கள்" என்பான். இதற்கு ஒரே மருந்து எழுத்துதான். பழைய டிவியின் நிறுவனம், அளவு, அது ஓடுகிறதா இல்லையா, அதற்குக் கழிக்கும் தொகை ஆகியவற்றை முன்பணம் கொடுக்கும்போதே பில்லிலோ ஆர்டர் தாளிலோ எழுதி வாங்கிவிட வேண்டும். ஓடுகிற டிவியைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது பேரன் பேத்திகளுக்கு ஒரு நிமிட வேலை. மாடிக்குத் தூக்கி வரவும், சுவரில் மாட்டவும் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அதே தாளில் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

பழைய டிவியோடு செட்-டாப் பாக்ஸையும் அதன் ரிமோட்டையும் சேர்த்து வண்டியில் ஏற்றிவிடுபவர்கள் உண்டு. அரசு கேபிள் பாக்ஸ் வாடிக்கையாளருக்குச் சொந்தமானதே இல்லை. இணைப்பை விடும்போது திருப்பித் தர வேண்டியது. புதிய டிவிக்கும் அதே பாக்ஸ்தான் தேவைப்படும். பழைய பாக்ஸின் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகளைச் செருகப் புதிய டிவியில் இடம் இருக்கிறதா என்பதை ஷோரூமிலேயே பின்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். சில மாடல்களில் அதற்கு ஓர் இணைப்பு ஒயர் தனியாக வேண்டும்.

பேசிய தொகை மாறினாலோ, பில் தர மறுத்தாலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். டெலிவரித் தாளில் கையெழுத்து கேட்டு அவசரப்படுத்தினாலும், அட்டைப் பெட்டி உங்கள் கண் முன்னே திறக்கப்பட்டு, திரையில் கீறல் இல்லை என்று பார்த்து, படமும் சத்தமும் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.