குறுகிய சிபிஆர், அகன்ற சிபிஆர்: அன்றும் இன்றும்

நியூயார்க் மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்சில் கச்சா எண்ணெய் ஒப்பந்தங்களைக் கூவிக் கூவி வாங்கி விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்த நெரிசலில் நிற்பவருக்கு சார்ட் பார்க்க வழியில்லை. முந்தைய நாளின் உச்ச விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை மூன்றையும் கொண்டு முன்கூட்டியே கணக்குப் போட்டு, கிடைத்த எண்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வார்கள். பிவட் கணக்குகள் இப்படிக் களத்தில் நின்றவர்களின் கையில் வளர்ந்தவை.

அந்தக் களத்தில் வணிகம் செய்த மார்க் ஃபிஷர், 2002-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் பிவட்டை ஒற்றைக் கோடாக விடாமல் ஒரு பட்டையாக விளக்கினார். 2010-இல் ஃபிராங்க் ஓச்சோவா அதே பட்டையை 'சென்ட்ரல் பிவட் ரேஞ்ச்' என்ற பெயரில் எடுத்துக்கொண்டு, அதன் அகலத்துக்குத் தனி முக்கியத்துவம் கொடுத்தார். பட்டை குறுகியிருந்தால் மறுநாள் ஒரே திசையில் ஓட வாய்ப்பு அதிகம், அகன்றிருந்தால் ஒரு எல்லைக்குள் அலைய வாய்ப்பு அதிகம் என்பது அந்த வாசிப்பு. இன்று நிஃப்டியில் இன்ட்ராடே செய்கிற பலரும் சிபிஆர் என்று சொல்வது இதைத்தான்.

கணக்கு மூன்றே வரி. H உச்சம், L தாழ்வு, C முடிவு விலை.

```
P  = (H + L + C) / 3
BC = (H + L) / 2
TC = 2 * P - BC
```

TC-க்கும் BC-க்கும் உள்ள இடைவெளிதான் அகலம். முடிவு விலை நாளின் நடுப்புள்ளிக்குக் கீழே இருந்தால் TC கீழே போய்விடும். அப்போது எது மேலே என்று பார்க்காமல் இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். கையால் கணக்குப் போட்டுப் பழகியவர்கள் இதற்குள் இருக்கும் ஒரு விஷயத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த மூன்று வரிகளையும் சுருக்கினால் ஒரே வரிதான் மிஞ்சும்: அகலம் என்பது, முடிவு விலை அந்த நாளின் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதில் மூன்றில் இரண்டு பங்கு.

அதாவது, நேற்றைய சண்டை எந்த இடத்தில் நின்றது என்பதை மட்டுமே அகலம் சொல்கிறது. வாங்குபவரும் விற்பவரும் சரிசமமாக நடுவில் நின்றுவிட்டால் பட்டை குறுகும். ஒரு பக்கம் கடைசி வரை ஆதிக்கம் செலுத்தி உச்சத்திலோ தாழ்விலோ முடித்தால் பட்டை விரியும். குறுகிய பட்டைக்குப் பிறகு ஓட்டத்தை எதிர்பார்ப்பதற்குக் காரணம், முடிவாகாத வழக்கு மறுநாளுக்கு மிச்சமிருக்கிறது என்பதே. அகன்ற பட்டைக்குப் பிறகு ஓட்டம் குறையும் என்பதற்கும் காரணம் இதுதான்: ஜெயித்த பக்கம் தன் பலத்தில் பெரும்பகுதியை ஏற்கெனவே செலவழித்துவிட்டது.

எண்களில் பார்க்கலாம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. நிஃப்டி ஒரு நாள் 24,400 உச்சம், 24,100 தாழ்வு, 24,260 முடிவு. நடுப்புள்ளி 24,250. முடிவு 10 புள்ளி தள்ளி இருப்பதால் அகலம் சுமார் 7 புள்ளி. இன்னொரு நாள் அதே உச்சம், அதே தாழ்வு, ஆனால் முடிவு 24,385. இப்போது அகலம் 90. அன்று சந்தை அசைந்த மொத்தத் தூரம் இரண்டிலும் ஒன்றே.

மூன்றாவது நாள்தான் கவனிக்க வேண்டியது. உச்சம் 24,550, தாழ்வு 23,950, முடிவு 24,265. 600 புள்ளி புயலடித்த நாள். அகலம் வெறும் 10. திரையில் முதல் நாளைப் போலவே 'நேரோ சிபிஆர்' என்று தெரியும். ஆனால் முதல் நாள் சந்தை அடங்கிக் கிடந்தது. மூன்றாம் நாளில் இரு பக்கமும் மோதித் தீர்த்துவிட்டன. அந்தப் பெரிய மோதலுக்கு அடுத்த நாள், 600 புள்ளி எல்லைக்குள்ளேயே சந்தை அலைந்து கழியக்கூடும். பட்டை அகலத்தோடு நேற்றைய உச்ச-தாழ்வு தூரத்தையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அன்று கையில் கணக்குப் போட்டவர் கண்முன்னே H, L, C மூன்றும் இருந்தன. இன்று ஆப்பில் ஒரு தட்டில் பட்டை வந்து விழுகிறது. அது பிறந்த மூன்று எண்களும் பார்வையிலிருந்து போய்விட்டன. வேகம் கிடைத்தது நல்லதே. ஆனால் சமிக்ஞை மட்டும் நிற்க, காரணம் மறைந்துவிட்டது என்பதுதான் இந்த மாற்றத்தில் எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் 'குறுகியது' என்று ஒரு நிலையான எல்லையைத் தேடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். அதே பங்கின் அல்லது குறியீட்டின் முந்தைய 20 நாள் பட்டைகளோடு ஒப்பிட்டால்தான் இன்றைய பட்டை உண்மையில் குறுகியதா என்று தெரியும்.

அடுத்த மாற்றம் C-யிலேயே இருக்கிறது. கூச்சல் களத்தில் மணி அடித்தால் நாள் முடிந்தது. நிஃப்டியின் அதிகாரபூர்வ முடிவு, அதன் பங்குகளில் பிற்பகல் 3 மணி முதல் 3.30 வரை நடந்த வணிகத்தின் எடையிட்ட சராசரியிலிருந்து வருகிறது. ஆனால் ஐந்து நிமிட சார்ட்டின் கடைசி மெழுகுவர்த்தி காட்டுவது 3.30-இன் கடைசி விலையை. மேலே சொன்ன முதல் நாளில் அதிகாரபூர்வ முடிவு 24,260, கடைசி விலை 24,285 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் அகலம் 7, இரண்டாவதில் 23. இரண்டு ஆப்கள் இரண்டு பட்டைகளைக் காட்டினால், முதலில் பார்க்க வேண்டியது இந்த C எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை. குறுகிய பட்டையில்தான் இந்த வேறுபாடு அதிகம் உறுத்தும். 90 புள்ளி பட்டையில் 16 கூடினால் அது அகன்றதாகவே இருக்கும். 7-இல் 16 கூடினால் வாசிப்பே மாறிவிடும்.

மூன்றாவது மாற்றம் இரவு. 2010-க்கு முன் தேசியப் பங்குச் சந்தை காலை 9.55-க்குத் திறந்தது, இன்று 9.15. அதற்கு முன்பே கிஃப்ட் நிஃப்டி நகர்ந்துகொண்டிருக்கிறது. அது ஒரு நாளின் பெரும்பகுதி நேரம் வணிகமாகிறது. அதனால் குறுகிய பட்டை எதிர்பார்க்கச் சொன்ன ஓட்டம், நம் சந்தை திறக்கும் முன்பே கேப் ஆக நடந்து முடிந்திருக்கலாம். மேலே உள்ள முதல் நாளுக்குப் பிறகு நிஃப்டி 24,560-இல் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முடிவு விலையிலிருந்து 300 புள்ளி. நேற்று முழு நாளும் அசைந்த தூரமும் 300. மீதி நாளில் பெரிய டிரெண்ட் வரும் என்று காத்திருப்பதற்கு இனி அந்தக் குறுகிய பட்டை காரணமாகாது.

அதற்கு மாறாக, 24,290 போல பட்டைக்குச் சற்று மேலே, நேற்றைய எல்லைக்குள்ளேயே திறந்தால் குறுகிய பட்டைக்கு இன்னும் வேலை இருக்கிறது. முதல் அரை மணியில் விலை இறங்கிப் பட்டையைத் தொட்டு மேலே திரும்புகிறதா, அதன்பின் 24,400-ஐத் தாண்டி நிற்கிறதா என்று பார்ப்பேன். அப்படி நின்றால் ஓட்டம் தொடங்கிவிட்டது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் விலை பட்டையை மேலும் கீழுமாக மூன்று நான்கு முறை வெட்டிவிட்டால், பட்டை எவ்வளவு குறுகியிருந்தாலும் அன்று டிரெண்ட் நாள் என்ற எண்ணத்தை விட்டுவிடுவேன். திசையை அகலம் ஒருபோதும் சொன்னதில்லை. அதை விலைதான் காட்ட வேண்டும். ரிசர்வ் வங்கிக் கொள்கை முடிவு வரும் நாளில் அந்த அறிவிப்பு வரும் வரைக்கும் இந்த வாசிப்பை நான் பயன்படுத்துவதில்லை.

அகன்ற பட்டையில் கேள்வி வேறு. 90 புள்ளி பட்டைக்குள்ளேயே திறந்தால் இரு விளிம்புகளுக்கும் இடையே அலைவதே இயல்பு. நேற்றைய உச்சத்துக்கு மேலே திறந்து, ஒரு மணி நேரம் ஆகியும் பட்டைப் பக்கம் திரும்பாமல் நின்றால், ஜெயித்த பக்கம் இன்னும் களைக்கவில்லை. அன்று சைட்வேஸ் என்று நம்பி உச்சத்தில் விற்பவர்தான் அடிபடுவார்.