நாலு மணி என்றால் எங்கே நாலு மணி?

‘நாளை மாலை 4 மணிக்கு இல்லத்திலிருந்து புறப்பட்டு, பெசன்ட் நகர் மயானத்தில் தகனம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு துக்கச் செய்தி வருகிறது. திருச்சியிலிருந்து கிளம்பும் உறவினர் முதலில் பார்க்க வேண்டியது தேதியை. இரவு எழுதிய ‘நாளை’, பலர் கை மாறி விடிந்தபின் வந்தால் அது இன்றுதான்.

அடுத்தது, 4 மணி என்பது வீட்டிலிருந்து எடுக்கும் நேரம். முகம் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும். பெண்கள் மயானத்துக்குப் போகாத குடும்பங்களில், பிந்தினால் அவர்களுக்கு முகம் பார்க்க வேறு வாய்ப்பே இல்லை.

கீழே உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். கொள்ளி வைக்கும் மகனைவிட, ஏற்பாடுகளைக் கவனிக்கும் மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ தெளிவாகச் சொல்வார். “உடல் எந்த வீட்டில் இருக்கிறது?” என்று கேளுங்கள்; சொந்த வீட்டு முகவரியைப் போட்டுவிட்டு, மகள் வீட்டில் வைத்திருப்பதும் உண்டு. லொகேஷன் வந்தாலும் தெருப்பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். அனுப்பியவர் அப்போது மருத்துவமனையில் நின்றிருக்கலாம்.

திருச்சி அரசுப் பேருந்துகள் இப்போது கோயம்பேடு வரை போவதில்லை, கிளாம்பாக்கத்தோடு சரி. அங்கிருந்து பெசன்ட் நகருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஒதுக்குங்கள். மூன்றரைக்குள் வீட்டை எட்ட முடியாதென்றால், போனில் சொல்லிவிட்டு நேராக மயானத்துக்கே போய்விடுங்கள்.