பல்லேடியம் ஏன் டிரான்ஸையே தருகிறது?

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு மருந்துக் கடையில் சன்ஸ்கிரீன் குழாயை எடுத்துப் பின்பக்கம் படித்தால், பல பிராண்டுகளில் எத்தில்ஹெக்சைல் மெத்தாக்ஸிசின்னமேட் என்ற பெயர் இருக்கும். ஆக்டினாக்சேட் என்றும் அதைச் சொல்வார்கள். வெயிலின் புறஊதாக் கதிரில் 310 நானோமீட்டர் அருகே உள்ள பகுதியை அது நன்றாக உறிஞ்சும். ஒரு பென்சீன் வளையம், ஒரு இரட்டைப் பிணைப்பு, அதன் மறுமுனையில் ஒரு எஸ்டர்: இவ்வளவுதான் அதன் முக்கிய அமைப்பு. வளையமும் எஸ்டரும் இரட்டைப் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் டிரான்ஸ் வடிவம்தான் விற்பனைக்கு வருவது. வெயில் பட்டால் அதில் ஒரு பகுதி சிஸ் ஆகிவிடும். சிஸ்ஸின் உறிஞ்சும் திறன் குறைவு. ஆகவே தயாரிக்கும்போதே டிரான்ஸாகக் கிடைப்பது நல்லது.

இதைச் செய்யப் பல வழிகள் உண்டு. அவற்றில் அழகானது ஹெக் வினை. ஜப்பானில் மிசோரோகி 1971-லும், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹெக் 1972-லும் தனித்தனியாக வெளியிட்டார்கள். ஹெக்குக்கு 2010-இல் நோபல் கிடைத்தது. அப்போது மிசோரோகி உயிரோடு இல்லை.

ஆய்வகக் கணக்கில் பார்ப்போம். 4-புரோமோஅனிசோல் 1.87 கிராம், அதாவது 10 மில்லிமோல். 2-எத்தில்ஹெக்சைல் அக்ரிலேட் சற்று மிகுதியாக, 2.2 கிராம். அமிலத்தைப் பிடிக்க டிரைஎத்திலமீன். பல்லேடியம் அசிடேட்டோ வெறும் 22 மில்லிகிராம். நூறு மூலக்கூறுக்கு ஒன்று. கூடவே ஒரு பாஸ்பீன். நைட்ரஜன் சூழலில் 100 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். முழுமையாக நடந்தால் 2.9 கிராம் பொருள் வரும்.

முதலில் பல்லேடியம் வளையத்துக்கும் புரோமினுக்கும் நடுவே நுழைகிறது. அயோடின் என்றால் இது எளிது, புரோமின் என்றால் நடுத்தரம், குளோரின் என்றால் சாதாரணப் பாஸ்பீனை வைத்துக்கொண்டு பெரும்பாலும் நடக்காது. இங்கே மெத்தாக்ஸியும் வளையத்துக்கு எலக்ட்ரானைத் தள்ளுவதால் இந்தப் படி இன்னும் மெதுவாகிறது.

அடுத்து அக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்பு பல்லேடியத்தில் வந்து அமர்கிறது. வளையம் ஒரு கார்பனிலும் பல்லேடியம் அடுத்த கார்பனிலும் ஏறுகின்றன, இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து. இதுதான் சின் சேர்க்கை. வளையம் நெரிசலில்லாத முனைக் கார்பனுக்குப் போகும். பல்லேடியம் எஸ்டர் உள்ள கார்பனில் தங்கும்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. பல்லேடியம் வெளியேற, பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு போக வேண்டும். இதற்குப் பீட்டா ஹைட்ரைடு நீக்கம் என்று பெயர். அந்த ஹைட்ரஜனும் பல்லேடியத்துக்கு நேர் எதிரே, அதே பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் இப்போது அந்த இடத்தில் நிற்பது வளையம். நல்லவேளையாக, கார்பன்களுக்கு நடுவே இருப்பது இப்போது ஒற்றைப் பிணைப்பு; அது சுழலும். முனைக் கார்பனில் ஹைட்ரஜன்கள் இரண்டு. ஒன்று பல்லேடியத்தின் எதிரே வந்தால் வளையம் எஸ்டரின் மேலேயே போய் இடிக்கும். அப்படி நீங்கினால் சிஸ். மற்றது வந்தால் வளையத்தின் எதிரே இருப்பது ஒரு சின்ன ஹைட்ரஜன் மட்டுமே. அப்படி நீங்கினால் டிரான்ஸ். நெரிசலில்லாத பாதையில் ஆற்றல் குறைவு, அதனால் பெரும்பாலும் டிரான்ஸ்தான் கிடைக்கிறது. மிச்சமான பல்லேடியம் ஹைட்ரைடிலிருந்து அமீன் ஹைட்ரஜன் புரோமைடை உருவிக்கொள்ள, பல்லேடியம் மறுபடி வேலைக்கு வருகிறது. அமீன் உப்பு வெள்ளையாகப் படிவது நல்ல அறிகுறி.

குடுவையின் சுவரில் கறுப்பாகவோ கண்ணாடி போல மினுங்கியோ ஏதாவது படிந்தால் கவலைப்படலாம்: பல்லேடியம் உலோகமாகத் திரண்டுவிட்டது, வினை பாதியில் நிற்கக்கூடும். கிடைத்தது டிரான்ஸ்தானா என்பதை என்எம்ஆர் சொல்லும். இரட்டைப் பிணைப்பின் இரு ஹைட்ரஜன்களும் 7.6, 6.3 பிபிஎம் அருகே இரட்டைக் கோடுகளாக வரும். கோடுகளின் இடைவெளி 16 ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ், 12-13 என்றால் சிஸ்.

சுழற்சிதான் காரணம் என்பதற்குச் சான்றும் உண்டு. அக்ரிலேட்டுக்குப் பதில் சைக்ளோஹெக்சீனைப் போட்டால், வளையத்துக்குள் மாட்டிய அந்தப் பிணைப்பு சுழல முடியாது. பென்சீன் ஏறிய கார்பனில் மிஞ்சிய ஒரே ஹைட்ரஜன் பல்லேடியத்துக்கு மறுபக்கத்தில் இருக்கும், பறிக்க முடியாது. ஆகவே பல்லேடியம் தனக்கு அடுத்துள்ள இன்னொரு கார்பனின் ஹைட்ரஜனை எடுக்கிறது, இரட்டைப் பிணைப்பு ஒரு படி தள்ளி அமைகிறது. எதிர்பார்த்த 1-பீனைல் சைக்ளோஹெக்சீனுக்குப் பதில் 3-பீனைல் சைக்ளோஹெக்சீன் வருகிறது.