பில் போனது, படம் திறக்கவில்லை

திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்பும் ஒரு நிறுவனம், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், அட்டைப்பெட்டிப் படங்கள் மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் சிக்கல் பெயரில். ஜிஎஸ்டி பில் எண்ணில் சாய்கோடு வரலாம். விண்டோஸ் கோப்புப் பெயரில் வரக்கூடாது. அதனால் 24-25/118 என்ற பில்லுக்கு `24-25-118_Invoice.pdf`, `24-25-118_PackingList.pdf` என்று பெயரிட்டால் இரண்டும் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும். பில்லுக்குப் பிடிஎஃப் போதும். எந்தக் கணினியிலும் வரிகள் இடம் மாறாது. பெட்டிவாரியாக எடையைக் கூட்டிப் பார்க்க விரும்பும் வாங்குபவருக்கு, பேக்கிங் லிஸ்ட்டின் எக்செல் பிரதியும் உதவும்.

படங்கள்தான் தொல்லை. ஐபோன் 2017 முதல் படங்களை `.heic` வடிவில் சேமிக்கிறது. பல விண்டோஸ் கணினிகளில் அது திறக்காது. ஜேபெக்காக மாற்றி அனுப்பலாம்.

அளவிலும் ஒரு கணக்கு உண்டு. மின்னஞ்சலில் ஏறும்போது இணைப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். தலா 3.5 எம்பி உள்ள ஆறு படங்கள் 21 எம்பி. வழியில் அது 28 ஆகும். பெறுபவரின் சர்வர் 25 வரைதான் ஏற்குமானால் அஞ்சல் திரும்பிவிடும். நீளப்பக்கத்தை 1600 பிக்செலாகக் குறைத்தால் படம் பெரும்பாலும் ஒரு எம்பிக்குள் அடங்கும். அனுப்புமுன் பெரிதாக்கி, பெட்டி எண் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.